உதவித்தொகை விண்ணப்பம்: 41 பேரில் 29 பேருக்கு ஒரே வருமானம், யாரைத் தேர்ந்தெடுப்பது?

பழையமாணவன்92

எல்லோருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் 1992இல் பிளஸ் டூ முடித்தவர்கள் நாங்கள். எங்கள் செட் சேர்ந்து பள்ளிக்காக ஒரு நிதி வைத்திருக்கிறோம். 12 லட்சம் ரூபாய் வங்கி வைப்பில் இருக்கிறது. அதன் வட்டியோடு நண்பர்கள் சிலர் தருவதையும் சேர்த்து, பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் 8 பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் தலா 12,000 கொடுக்கிறோம்.

போன ஆண்டு 41 விண்ணப்பம் வந்தது. எங்கள் விதி எளிமையானது: ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குள் மதிப்பெண் வரிசைப்படி முதல் 8 பேர். வருமானச் சான்றிதழ்களை எடுத்து அடுக்கினால் 29 சான்றிதழில் 72,000 என்றே இருந்தது. அதனால் கடைசியில் மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பணம் கொடுத்து இரண்டு மாதம் கழித்து வகுப்பாசிரியர் ஒருவர் சொன்னார். பட்டியலில் வராத ஒரு பெண் கல்லூரியில் சேரவே இல்லையாம், திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாம். 68 சதவீதம் எடுத்த பிள்ளை. அந்த ஜனவரியில்தான் அப்பா இறந்திருக்கிறார். எங்கள் விண்ணப்பத்தில் அதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை. 'தந்தை பெயர், தந்தை தொழில்' என்று கேட்டிருந்தோம். அந்தப் பிள்ளை அப்பா பெயரை எழுதி, தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று எழுதியிருக்கிறது. அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது எனக்கு மனசே ஆறவில்லை.

இந்த ஆண்டு விதியையும் விண்ணப்பத்தையும் மாற்ற வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேரன்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ரேஷன் கார்டைப் பாருங்கள். PHH என்று இருந்தால் ஏழை, NPHH என்று இருந்தால் இல்லை. PHH-AAY இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். அரசாங்கமே பிரித்து வைத்திருக்கிறது, நாம் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

கிராமக்கணக்கு

நான் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சேரன் தம்பி சொல்வதில் பாதி சரி. PHH-AAY கார்டு பெரும்பாலும் உண்மையிலேயே கஷ்டப்படும் வீட்டில்தான் இருக்கும். ஆனால் NPHH என்பதை வைத்து 'இல்லை' என்று தள்ளிவிடாதீர்கள். நம் மாநிலத்தில் NPHH கார்டுக்கும் இலவச அரிசி வருகிறது. அரிசி வந்துவிடுவதால் அந்தக் குறியீட்டை யாரும் திருத்தப் போவதில்லை. கார்டு வாங்கும்போது அப்பா நல்ல வேலையில் இருந்திருப்பார், அப்புறம் படுத்திருப்பார், கார்டு அப்படியே இருக்கும். கூட்டுக் குடும்பத்தில் இருந்து பிரிந்து வந்து இன்னும் மாமனார் கார்டிலேயே பெயர் இருக்கும் பெண்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வருமானச் சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். இ-சேவை மையத்தில் பதிவு செய்ததும் அது கிராம நிர்வாக அலுவலரிடம் போகும், அப்புறம் வருவாய் ஆய்வாளர், பிறகு மண்டலத் துணை வட்டாட்சியர். அரசு ஊழியர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கும். கூலி வேலை செய்பவருக்கு எந்தச் சீட்டும் கிடையாது. அதனால் மாதம் 6,000 என்று ஒரு மதிப்பு வைப்பார்கள். பன்னிரண்டால் பெருக்கினால் 72,000. உங்கள் 29 பேர் கதை அதுதான். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வரம்புக்குள் வருகிறாரா என்று சொல்லத்தான் அந்தச் சான்றிதழ். 72,000 வாங்கியவர் 84,000 வாங்கியவரைவிட ஏழை என்று அது சொல்லவே இல்லை. உள்ளே விடுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், வரிசைப்படுத்த வைத்துக்கொள்ளாதீர்கள்.

தலைமையாசிரியை_ஓய்வு

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பதினொரு ஆண்டு தலைமையாசிரியையாக இருந்தபோது இரண்டு அறக்கட்டளைகளின் தேர்வுக் குழுவில் இருந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளி என்பதை முதலில் மனதில் வையுங்கள். தொழிற்கல்விக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான், உங்கள் பிள்ளைகளுக்கு இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 உண்டு. ஆனால் உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். முதல் பட்டதாரி சலுகை கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்பவருக்கு, அதுவும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வராது. ஆக, அரசாங்கப் பணம் எந்தப் பிள்ளைக்கு எட்டவில்லை என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். 'வேறு என்ன உதவி கிடைக்கிறது' என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டு அதைக் கழிக்காதீர்கள். எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. மத்திய அரசின் சில உதவித்தொகைகளில் இன்னொரு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கிறது, அந்தப் பிள்ளை நம் பணத்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, வருமானத்தை ஒரே எண்ணாகக் கேட்காதீர்கள். 'ஆண்டு வருமானம் எவ்வளவு' என்று கேட்டால் பிள்ளை சான்றிதழைப் பார்த்து எழுதும். அதற்குப் பதில் வீட்டில் யார் யார் வேலைக்குப் போகிறார்கள், என்ன வேலை, மாதத்தில் எத்தனை நாள் கிடைக்கும், ஒரு நாள் கூலி என்ன என்று கேளுங்கள். ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் மனப்பாடம். அதை வைத்துத் தலைக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கை நீங்கள் போடுங்கள்.

மூன்றாவது, கடந்த ஒன்றரை ஆண்டில் வீட்டில் என்ன மாறியது என்று கேளுங்கள். சாவு, நோய், விபத்து, அப்பா பிரிந்து போனது. சான்றிதழுக்கு இதெல்லாம் எட்டாது.

கவிதா_மன்னார்குடி

என் பையன் எட்டாவது படிக்கிறான், அரசுப் பள்ளிதான். இந்த உதவித்தொகைக்கு எப்போது தேர்வு? எங்களுக்கும் வருமானம் 72,000 என்றுதான் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பம் எங்கே கிடைக்கும்?

தலைமையாசிரியை_ஓய்வு

கவிதா, இங்கே பேசுவது ஒரு பள்ளியின் சொந்த நிதி, அதற்குத் தேர்வு கிடையாது. நீங்கள் கேட்பது என்எம்எம்எஸ் என்று நினைக்கிறேன். எட்டாம் வகுப்பில் எழுதும் தேர்வு அது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5 சதவீதம் தளர்வு. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் போதும். அதில் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும், நாளைக்கே தலைமையாசிரியரைப் பாருங்கள் அம்மா.

அறிவழகன்_பொறியாளர்

இதுவரை யாரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவே இல்லை, அதைத் தூக்கி எறியச் சொல்வது போலத் தெரிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருப்பது 8 இடம். 91 சதவீதம் எடுத்த ஏழைப் பிள்ளையும் இருக்கிறான், 55 எடுத்த ஏழைப் பிள்ளையும் இருக்கிறான். படிப்பை முடிக்கப் போகிறவனுக்குக் கொடுத்தால்தான் பணம் கொடுத்தவர்களுக்கும் நம்பிக்கை வரும். நானும் கஷ்டப்பட்ட குடும்பம்தான். மதிப்பெண்ணால்தான் ஒரு அறக்கட்டளை என்னைக் கண்டுபிடித்தது.

தலைமையாசிரியை_ஓய்வு

தம்பி, உங்களைப் போன்றவர்கள் விட்டுப்போகக் கூடாது என்பது சரிதான். ஆனால் 91 எடுத்த பிள்ளையைத் தேடி நாலு பேர் வருவார்கள், கல்லூரியே கட்டணத்தைக் குறைக்கும். 60 எடுத்த பிள்ளைக்கு உங்கள் பள்ளி நிதியைத் தவிர வேறு கதவு இல்லை. என் குழுவில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும், கல்லூரியில் இடம் உறுதியாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவை வைத்து 'அக்கறை' அளக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். டெல்டாவில் நடவு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் பள்ளிக்கு வராத பிள்ளை எங்கே இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வருகை குறைந்திருந்தால் காரணத்தை வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

அறிவழகன்_பொறியாளர்

வருகை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. மதிப்பெண் விஷயத்தில் இன்னும் இல்லை. நூற்றில் இருபது பங்காவது அதற்கு இருக்க வேண்டும்.

செவிலி_ரமா

நான் ஒரு காலத்தில் இப்படி உதவி வாங்கிப் படித்தவள். விதியைப் பற்றி எனக்குத் தெரியாது, வாங்கும் பக்கத்தில் இருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

என் விண்ணப்பத்தில் 'உங்கள் குடும்ப வறுமை நிலையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் விவரிக்கவும்' என்று இருந்தது. அப்பாவின் குடியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதினால் ஊருக்கே தெரியும். எழுதாவிட்டால், அப்பா வேலைக்குப் போகிறார்தானே என்று நினைப்பார்கள். கடைசியில் எழுதவில்லை. நன்றாகக் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பக்கம் சாதகம், அவ்வளவுதான். அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டு, பெரிய அட்டையில் காசோலை வரைந்து கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பள்ளிச் சுவரில் ரொம்ப நாள் இருந்தது. என் தங்கை அதே பள்ளியில் படித்தாள். அவள் விண்ணப்பிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

பழையமாணவன்92

ரமா அக்கா, நாங்களும் சுதந்திர தின விழாவில்தான் கொடுத்தோம். படமும் எடுத்தோம். வாட்ஸ்அப் குழுவில் 41 பேர் பட்டியலையும் போட்டோம், எல்லோருக்கும் தெரியட்டும், ஒளிவு மறைவு இல்லை என்று நினைத்து. இனி இரண்டும் கிடையாது.

கிராமக்கணக்கு

சுதந்திர தினம் என்றால் ஆகஸ்ட் 15. இடம் கிடைத்தவன் கட்டணம் கட்ட வேண்டியது ஜூனில் அல்லவா?

தலைமையாசிரியை_ஓய்வு

அதைத்தான் நானும் கேட்க வந்தேன். பிளஸ் டூ முடிவு மே மாதத் தொடக்கத்தில் வந்துவிடும், கலைக் கல்லூரிச் சேர்க்கை ஜூனில் நடக்கும். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் பெரிதில்லை, ஆனால் அந்த ஒரு வாரத்தில் கட்டணம், பேருந்து, இரண்டு செட் உடுப்பு, விடுதி முன்பணம் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வட்டிக்கு வாங்குவது அப்போதுதான். மாதம் 1,000 வரும் அரசுத் திட்டமும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தொடங்கும். விண்ணப்பத்தை மார்ச்சிலேயே வாங்கி, ஏப்ரலில் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, முடிவு வந்த மறுவாரமே யார் என்று சொல்லிவிடுங்கள். 12,000ஐ ஜூனில் 8,000, டிசம்பரில் 4,000 என்று பிரித்தால் பிள்ளை தொடர்ந்து படிக்கிறதா என்றும் தெரியும்.

வங்கி_முருகன்

பணம் போடும் இடத்தில் ஒன்று கவனியுங்கள். பிள்ளையின் பெயரிலேயே கணக்கு கேளுங்கள். பள்ளியில் சின்ன வயதில் தொடங்கிய கணக்காக இருக்கும், இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லையென்றால் செயல்படாத கணக்கு ஆகியிருக்கும். போட்ட பணத்தை எடுக்க முடியாமல் ஜூன் மாதம் எங்கள் கிளையில் வந்து நிற்பார்கள். தேர்வானவர்களை மே மாதமே பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 41 பேரிடமும் ஆதார் நகல், பாஸ்புக் நகல் வாங்கி வைக்காதீர்கள், தேர்வான 8 பேரிடம் மட்டும் போதும். அடையாளத்துக்குப் பள்ளியின் எமிஸ் எண் இருக்கிறதே.

பழையமாணவன்92

நேற்று குழுவில் உட்கார்ந்து, போன ஆண்டு விண்ணப்பம் இரண்டை எடுத்து, அம்மா சொன்ன முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். விவரத்தை வகுப்பாசிரியர் வழியாகக் கேட்டுக்கொண்டோம். பெயர் வேண்டாம், முதல் வீடு, இரண்டாம் வீடு என்று வைக்கிறேன்.

முதல் வீடு நான் சொன்ன அந்தப் பெண்ணுடையது. சான்றிதழ் 84,000, மதிப்பெண் 68. பாட்டி, அம்மா, அவள் என்று மூன்று பேர். அம்மா வயல் வேலைக்குப் போகிறார். நூறு நாள் வேலையையும் சேர்த்து, மாதம் சராசரியாக 4,500 வருகிறது. விதவை உதவித்தொகை 1,200. மொத்தம் 5,700, தலைக்கு 1,900. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடன் 60,000 தனியாக நிற்கிறது. சான்றிதழ் அப்பா இருக்கும்போது எடுத்தது, அதனால்தான் அந்த 84,000.

இரண்டாம் வீட்டில் சான்றிதழ் 72,000, மதிப்பெண் 91. அப்பா மினி லாரி ஓட்டுகிறார், மாதம் 14,000. அம்மாவுக்கு உரிமைத் தொகை 1,000. நான்கு பேர், தலைக்கு 3,750. கடன் வண்டிக்கு மட்டும்.

எங்கள் பழைய விதிப்படி முதல் வீடு வெளியே, இரண்டாம் வீடு உள்ளே. புதிய கணக்கில் முதல் வீடு மேலே வருகிறது. இரண்டாம் வீடு அதற்குக் கீழே போகிறது. ஆனால் அவர்களும் வசதியானவர்கள் இல்லை. 15,000 ரூபாயில் நான்கு பேர். அந்தப் பையனுக்குக் கொடுத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சேரன்

இந்தக் கணக்கில் ஆள் பொய் சொன்னால்? லாரி ஓட்டுபவர் மாதம் 7,000 என்று எழுதினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கிராமக்கணக்கு

அதற்குத்தான் வீட்டுக்குப் போவது. 41 வீட்டுக்கும் போக வேண்டாம், கணக்கில் மேலே வரும் 15 வீட்டுக்குப் போனால் போதும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஊர்க்காரர், ஒருவர் வெளியூர். ஊர்க்காரர் மட்டும் போனால் பழைய பகையும் உறவும் கூடவே போகும்.

வீட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். காங்கிரீட் வீடு இருந்தால் வசதி என்று முதல் தடவை போகிறவர்கள் எழுதிவிடுவார்கள். அரசுத் திட்டத்தில் கட்டிய வீடாக இருக்கும், பூசாத சுவரும் கதவில்லாத அறையும் உள்ளே போனால்தான் தெரியும். அந்த வீட்டுக்கே கடன் வாங்கியிருப்பார்கள். டிவியும் அப்படித்தான், ஒரு காலத்தில் அரசாங்கமே கொடுத்தது. நான் கேட்பது ஒன்றுதான்: 'போன மாதம் கையில் காசில்லாமல் போனபோது யாரிடம் வாங்கினீர்கள்?' அந்தப் பதிலில் வீட்டு நிலைமை முழுக்க வந்துவிடும். கூலி விஷயத்தில் பொய்யும் நிற்காது. அந்த ஊரில் நடவுக்கு என்ன கூலி, ஓட்டுநருக்கு என்ன சம்பளம் என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும்.

செவிலி_ரமா

வீட்டுக்குப் போகும்போது காரில் போய் வாசலில் நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. முன்னாடியே நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். குடும்பத்தில் சொல்ல முடியாத விஷயம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லலாம் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அந்த வரி இருந்திருந்தால் போதும்.

பழையமாணவன்92

எல்லோருக்கும் நன்றி. நாலு பக்கம் இருந்த விண்ணப்பம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. முக்கியமான கேள்விகளை இங்கே போடுகிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

1. பெயர், வகுப்பு, எமிஸ் எண், பாதுகாவலர் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு.
2. வீட்டில் உங்களோடு சாப்பிடுபவர்கள் எத்தனை பேர்? (பாட்டி, தாத்தா சேர்த்து)
3. யார் யார் வேலைக்குப் போகிறார்கள்? என்ன வேலை, மாதத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு? நீங்களும் போனால் அதையும் எழுதுங்கள்.
4. அரசு உதவி எதுவும் வருகிறதா? (இதற்காக உங்கள் உதவி குறையாது)
5. கடந்த ஒன்றரை ஆண்டில் வீட்டில் இறப்பு, நீண்ட நோய், விபத்து, வேலை இழப்பு நடந்ததா? ஆம் அல்லது இல்லை என்று குறித்தால் போதும். எழுத விருப்பமில்லாததை வகுப்பாசிரியரிடம் நேரில் சொல்லலாம்.
6. எந்தப் படிப்பில், எங்கே சேர நினைக்கிறீர்கள்? ஜூன் மாதம் எதற்கு எவ்வளவு தேவைப்படும்?

வருமானச் சான்றிதழ் இருந்தால் நகல் வைக்கலாம், இல்லையென்றால் இப்போது வேண்டாம். தேர்வான பிறகு கேட்போம். ஒரு சான்றிதழுக்காக இ-சேவைக் கட்டணமும் அம்மாவின் ஒருநாள் கூலியும் போவதை யாரும் யோசிக்கவே இல்லை, நான் உட்பட.

மதிப்பெண்ணைப் பற்றிக் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. பாதிப் பேர் அறிவழகன் பக்கம். 6 இடம் தேவையை மட்டும் பார்த்து, 2 இடம் மதிப்பெண்ணையும் சேர்த்து என்று ஒருவர் சொல்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பேசுகிறோம்.

அறிவழகன்_பொறியாளர்

6க்கு 2 எனக்குச் சம்மதம்.

தலைமையாசிரியை_ஓய்வு

எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் உங்கள் பணம், உங்கள் பள்ளி. விண்ணப்பத்தில் ஒரு திருத்தம். மூன்றாவது கேள்வியில் 'வேலைக்குப் போகிறார்கள்' என்று இருக்கிறது. அப்பா வெளியூரில் வேலை செய்து மாதா மாதம் பணம் அனுப்பாத வீடுகள் உண்டு. 'வீட்டுக்குப் பணம் தருகிறாரா, போன மூன்று மாதத்தில் எவ்வளவு தந்தார்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையமாணவன்92

சேர்த்துவிட்டேன் அம்மா. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வகுப்பாசிரியர் பேசியிருக்கிறார். பிளஸ் டூ முடித்து ஓராண்டு ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று விதியில் ஒரு வரி போட முடியுமா என்று ஞாயிற்றுக்கிழமை கேட்கப் போகிறேன்.